கார்த்திகை விளக்குகளைக் கைபேசியில் படமெடுத்தல்: கிரிட் கோடுகளிலிருந்து நைட் மோட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகைத் தீபத்தன்று வீட்டில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலும் மூன்று குறைகளைக் காண்கிறேன். சுடர் வடிவமிழந்து வெள்ளைத் திட்டாகிவிடுகிறது, விளக்கேந்தி நிற்பவரின் முகம் இருண்டோ கலங்கியோ தெரிகிறது, மாலை நேரத்து வானம் சாம்பல் நிறமாக மாறிவிடுகிறது. சில ஆண்டுகளாக உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தினருக்கும் அருகில் நின்று கற்றுக்கொடுத்தபோது நான் புரிந்துகொண்டது என்னவென்றால், இவை மூன்றும் பெரும்பாலும் கைபேசியின் விலையால் வருவதில்லை. இருட்டிய பிறகு கைபேசியை எடுத்து, நைட் மோடில் தொடங்கி, வெளிச்சத்தின் அளவை அதன் முடிவுக்கே விட்டுவிடுவதால் வருகின்றன.

ஆகவே இங்கே கூறும் வரிசை, குறைந்துகொண்டே போகும் வெளிச்சத்தைப் பின்பற்றியது. பகல் வெளிச்சத்தில் கோலம், விளக்கேற்றியவுடன் தனி விளக்கு, வானத்தில் நீலம் எஞ்சியிருக்கும் சில நிமிடங்களில் மனிதர்கள், முழுதும் இருட்டிய பிறகு விளக்கு வரிசை என்று செல்ல வேண்டும். நைட் மோட் கடைசியாகத்தான் வருகிறது.

1. மாலை ஐந்து மணிக்குள் செய்துவைக்க வேண்டியவை

முதலில் லென்ஸைத் துடையுங்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்ட கையால்தான் அன்று கைபேசியைத் தொடுகிறோம். லென்ஸின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. சுடரைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் பனிபோன்ற மங்கலோ, ஒரே திசையில் நீளும் ஒளிக்கீற்றோ தோன்றும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால், வாயால் ஊதி ஈரப்படுத்தித் துடைத்த பிறகு, தூரத்தில் எரியும் ஒரு விளக்கை நோக்கிக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். கீற்று இன்னும் தெரிந்தால் மறுபடி துடைக்க வேண்டும்.

அடுத்து, கேமராவின் அமைப்புகளுக்குள் சென்று, திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் கோடுகளை இயக்குங்கள். ஐபோனில் இது Settings செயலியில் Camera என்ற பிரிவுக்குள் Grid என்ற பெயரில் இருக்கும். அங்கேயே Level என்பதையும் சேர்த்து இயக்க வேண்டும். சாம்சங் கைபேசிகளில் கேமராவின் அமைப்புகளுக்குள் Grid lines என்று இருக்கும். மற்ற நிறுவனங்களின் கைபேசிகளிலும் பெயர் சற்றே மாறினாலும் இடம் ஏறக்குறைய இதுதான்.

மூன்றாவதாக, ஃபிளாஷைத் தானியங்கி நிலையில் விடாமல் முழுமையாக அணைத்துவிடுங்கள். ஃபிளாஷின் வெள்ளை ஒளி இரண்டு மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் வெளிறச் செய்து, சுடரின் பொன்னிற ஒளி முகத்தின்மேல் படர்ந்திருப்பதை முற்றிலும் அழித்துவிடும்.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகைத் தீபம் வரும் நாட்களில் சென்னையில் ஏறக்குறைய 5.40 மணிக்குச் சூரியன் மறைகிறது. கோயம்புத்தூரில் கால் மணி நேரம் தாமதமாகும். மறைந்த பின் இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக மட்டுமே வானத்தில் பயன்படத்தக்க நீல ஒளி இருக்கும். திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றும் ஆறு மணிக்கே வீட்டிலும் விளக்கேற்றுவது பல குடும்பங்களின் வழக்கம். அப்படியானால் சென்னையில் இருப்பவருக்கு விளக்கும் நீல வானமும் ஒன்றாகக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது என்பதால்தான் இவற்றை முன்கூட்டியே முடிக்கச் சொல்கிறேன்.

2. வெளிச்சம் இருக்கும்போதே கோலத்தை எடுத்துவிடுங்கள்

கிரிட் கோடுகளின் பயனைக் கோலத்தில்தான் தெளிவாகக் காணலாம். நேர் மேலிருந்து எடுக்கும்போது கைபேசி சற்றே சாய்ந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகும். சதுரத்தின் ஒரு பக்கம் குறுகிவிடும். கைபேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்தால், ஐபோனில் திரையின் நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணத்தில் எடுக்க வேண்டும். அந்தக் குறி இல்லாத கைபேசியில், கோலத்தின் புள்ளி வரிசை ஒன்றைக் கிரிட்டின் குறுக்குக் கோட்டோடும், மற்றொன்றை நெடுக்குக் கோட்டோடும் இணையாக வைத்துச் சரிபார்க்கலாம்.

நின்ற நிலையில் மார்பு உயரத்திலிருந்து எடுத்தால் கால்விரல்கள் படத்துக்குள் வந்துவிடும். வாசற்படியிலோ உறுதியான முக்காலியிலோ ஏறி நின்று, கையை முன்னே நீட்டி எடுப்பது நல்லது.

பொருளைக் கோடுகள் சந்திக்கும் நான்கு இடங்களில் ஒன்றில் வைக்க வேண்டும் என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோலத்துக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. நான்கு பக்கமும் ஒத்திருக்கும் வடிவத்தின் மையம், கிரிட்டின் நடுக் கட்டத்துக்கும் மையமாக இருந்தால்தான் அந்த ஒத்திசைவு படத்தில் தெரியும். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு நிற்க, கோலம் அதிலிருந்து விரிவதாக எடுக்கும்போது மட்டும் விளக்கைச் சந்திப்புப் புள்ளியில் வையுங்கள்.

இங்கே தொடக்கத்தில் நேரும் பிழை ஒன்று உண்டு. நீர் தெளித்த கருந்தரை படத்தின் பெரும்பகுதியை நிரப்புவதால், காட்சி இருட்டாக இருப்பதாக எண்ணிக் கைபேசி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கோலமாவின் இழைகள் தடித்து வெளுத்துப்போகின்றன. இதைத் திருத்தும் முறையே அடுத்த படி.

3. தொட்டுக் குவித்தல்: ஒரு தொடுதலில் நிகழும் இரண்டு வேலைகள்

திரையில் ஓரிடத்தைத் தொட்டால் கைபேசி அந்த இடத்தில் ஃபோகஸ் செய்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். அதே தொடுதலில், அந்த இடத்தின் வெளிச்சத்தை அளந்து, படம் முழுவதன் ஒளியளவையும் அது தீர்மானிக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விளக்குப் படங்கள் கெடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஓர் அகல் விளக்கை எடுத்துக்கொள்வோம். சுடரையே தொட்டால், மிகுந்த ஒளி இருப்பதாகக் கருதிக் கைபேசி அனைத்தையும் இருட்டாக்குகிறது. சுடர் மட்டும் கருமையில் மிதக்கும். பின்னாலுள்ள இருண்ட சுவரைத் தொட்டால், சுவரைக் காட்டுவதற்காக ஒளியைக் கூட்டிச் சுடரை வெள்ளைத் திட்டாக்குகிறது. ஃபோகஸும் சுவருக்குப் போய்விடுகிறது. தொட வேண்டிய இடம், திரி வெளியே நீண்டிருக்கும் அகலின் மூக்கு விளிம்பு. அது சுடருக்கு இருக்கும் அதே தொலைவில் இருக்கிறது, சுடரின் ஒளி அதன்மேல் விழுகிறது, ஆனால் சுடரைப் போலக் கண்ணைக் கூசுவதில்லை.

தொட்டவுடன் அந்த இடத்தில் தோன்றும் சிறு கட்டத்தின் அருகில் சூரியக் குறியோ ஒரு சறுக்குக் கோடோ தோன்றும். அதில் விரலை மெல்லக் கீழே இழுத்தால் படம் இருண்டுகொண்டே வரும். சுடரின் உட்பகுதி மஞ்சளாகவும் விளிம்பு செம்மஞ்சளாகவும் பிரிந்து தெரியும் வரை இழுத்து, அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலும் இழுத்தால் அகலின் மண்நிறம் மறைந்துவிடும். சுடரின் நுனி கூர்மையாகத் தெரிகிறதா, அகலின் ஒரு பக்கமாவது நிறத்தோடு தெரிகிறதா என்ற இரண்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பின்னர் அந்த நிலையைப் பூட்டுவது அவசியம். சுடர் ஆடும்தோறும் ஒளி மாறுகிறது. கைபேசி அதைப் பின்தொடர்ந்து மறுபடி மறுபடி அளந்து, ஃபோகஸையும் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். தொட்ட விரலை எடுக்காமல் ஓரிரு நொடி அழுத்தியிருந்தால் ஐபோனில் AE/AF LOCK என்று எழுத்துத் தோன்றும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பூட்டுக் குறி தோன்றும். பூட்டிய பிறகும் சூரியக் குறியை இழுத்து ஒளியைத் திருத்தலாம். அதன்பின் ஐந்தாறு படங்களாவது எடுங்கள். சுடர் நிமிர்ந்து நிற்கும் கணம் எது என்பதை முன்கூட்டி அறிய முடியாது.

பூட்டை எடுக்க மறப்பது அடுத்த பிழை. விளக்குக்காகப் பூட்டிய ஒளியளவோடு உடனே குழந்தையின் முகத்தை எடுத்தால் முகம் கருத்துவிடும். வேறு காட்சிக்குத் திரும்பியவுடன் திரையில் வேறோரிடத்தைத் தொட்டுப் பூட்டை விடுவிக்க வேண்டும்.

எவ்வளவு அருகில் செல்லலாம் என்பதற்கும் எல்லை உண்டு. புதிய, விலை உயர்ந்த கைபேசிகள் சிலவற்றின் முதன்மை லென்ஸால் இருபது சென்டிமீட்டரை விட நெருங்கிய பொருளில் ஃபோகஸ் செய்ய முடியாது. அதற்கும் நெருங்கினால் கைபேசி தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி, திரையில் சிறிய பூக்குறியைக் காட்டும். அந்த லென்ஸ் குறைந்த ஒளியையே உள்ளே விடுவதால் மாலையில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். பூக்குறி தெரிந்தால் அதை அணைத்து, முப்பது நாற்பது சென்டிமீட்டர் பின்வாங்கி, 2x அளவில் எடுங்கள்.

சுடரைப் படமெடுத்தபின் மற்றொரு மூலையில் பச்சையாகவோ வெளிறியதாகவோ ஒரு சிறு ஒளிப்பொட்டு இருப்பதைக் கண்டு, லென்ஸ் பழுதாகிவிட்டது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது லென்ஸுக்குள் ஒளி எதிரொளித்து விழும் பிம்பம். படத்தின் மையத்துக்கு ஒரு பக்கம் சுடர் இருந்தால், மையத்தைத் தாண்டி அதே தொலைவில் மறுபக்கத்தில் இந்தப் பொட்டு விழும். கிரிட் கோடுகள் திரையில் இருப்பதால் அது எங்கே விழும் என்பதை முன்கூட்டியே அறியலாம்: சுடர் மேல் இடது சந்திப்பில் இருந்தால் பொட்டு கீழ் வலது சந்திப்பில் இருக்கும். அந்த இடத்தில் யாருடைய முகமும் வராதபடி கைபேசியைச் சற்றே நகர்த்தினால் போதும்.

4. நீல வானம் இருக்கும்போதே போர்ட்ரெய்ட் மோட்

விளக்கேந்தி நிற்பவரைப் படமெடுக்கும் நேரம், விளக்கேற்றிய பின் வரும் முதல் சில நிமிடங்கள்தான். வானத்தின் மெல்லிய ஒளி முகத்தின் இருண்ட பகுதியை நிரப்புகிறது. விளக்கு அதன்மேல் பொன்னிறத்தைச் சேர்க்கிறது. முழுதும் இருட்டிவிட்டால் போர்ட்ரெய்ட் மோட் தடுமாறும். பின்னணியை மங்கலாக்குவதற்காகக் கைபேசி முதலில் எது அருகில், எது தொலைவில் என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்குக்கு வெளிச்சம் தேவை.

நிற்பவரின் முகம் திறந்த வானத்தை நோக்கி இருக்கட்டும். அதாவது அவர் வீட்டுக்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அவருக்கு இரண்டு மீட்டர் பின்னால் திண்ணையில் விளக்கு வரிசை இருந்தால், அவை மங்கலாகி வட்ட வட்டமான ஒளித் துளிகளாகத் தெரியும். அவர் சுவரை ஒட்டி நின்றால் மங்கலாக்குவதற்குப் பின்னணியே இல்லை.

எடுப்பவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு மீட்டருக்குள் வந்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தோன்றும். மிகவும் விலகினால் பல கைபேசிகளில் போர்ட்ரெய்ட் விளைவே இயங்காது, அருகில் செல்லுமாறு திரையில் அறிவிப்பு வரும்.

விளக்கை எங்கே ஏந்துகிறார் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். மோவாய்க்கு நேர் கீழே வைத்தால் மூக்கின் நிழல் மேல்நோக்கி விழுந்து முகத்தோற்றம் கெட்டுவிடும். மார்பு உயரத்தில், சற்றே ஒரு பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். கையை முன்னே நீட்டி ஏந்தினால், முகத்துக்கு ஃபோகஸ் செய்யும்போது விளக்கு வேறு தொலைவில் இருப்பதாகக் கருதி அதையும் மங்கலாக்கிவிடும். ஆகவே கை உடலை ஒட்டி மடங்கியிருப்பது நல்லது. புடவைத் தலைப்பும் தாவணியும் சுடரின் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணைத் தொட்டு, ஒளியைச் சிறிதளவு குறையுங்கள். முந்தைய படியில் சுடருக்காகக் குறைத்த அளவுக்கு இங்கே குறைக்கக் கூடாது. முகமே இங்கு முதன்மை. சுடரின் நடுப்பகுதி ஓரளவு வெளுத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

எடுத்தவுடன் படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரம், தொங்கும் ஜிமிக்கி, சுடரின் நுனி. மென்பொருள் கணக்கிட்டு உண்டாக்கும் மங்கல் என்பதால், இந்த மெல்லிய ஓரங்களில்தான் அது தவறும். பூச்சரத்தின் பாதி காணாமற்போயிருக்கும், அல்லது ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள பின்னணி மங்காமல் நிற்கும். அப்படித் தெரிந்தால் மங்கலின் அளவைக் குறைக்க வேண்டும். f என்ற எழுத்தோடு காட்டப்படும் எண் பெரிதாகும்தோறும் மங்கல் குறையும். ஐபோனில் அது தொடக்கத்தில் 2.8 அளவில் இருந்தால் 4 அல்லது 5.6 வரை உயர்த்திப் பாருங்கள். ஓரத்துப் பிழைகள் பெருமளவு மறைந்துவிடும். பல கைபேசிகளில் இதை எடுத்த பிறகும் மாற்ற முடியும் என்பதால், ஆளை நிற்கவைத்துக்கொண்டு இதற்காக நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

5. விளக்கு வரிசைக்கு நைட் மோட்

நைட் மோட் சில நொடிகளுக்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒரே படமாக்குகிறது. அசையாமல் நிற்பவை இதனால் தெளிவாகின்றன. அசைபவை இரட்டையாகவோ கலங்கலாகவோ பதிகின்றன. சுவரும் படியும் மரமும் அசைவதில்லை. சுடர் அசைகிறது. எனவே விளக்குப் படத்தில் நைட் மோடை நீண்ட நேரத்துக்கு வைக்கும்போது, சுவர் அழகாகத் தெரியச் சுடர்கள் பருத்துப்போகும். இரண்டுக்கும் இடையில் ஒரு சமநிலையைத் தேடுவதே இந்தப் படியின் வேலை.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இருபத்தொரு அகல்கள் வரிசையாக எரிகின்றன என்று கொள்வோம். சுவருக்கு நேர் எதிரே நின்றால் அவை ஒரே அளவான புள்ளிகளாகத் தெரியும். சுவரின் ஒரு முனையில், விளக்குகளின் உயரத்துக்குச் சற்று மேலே கைபேசியை வைத்து, வரிசை தொலைவை நோக்கிச் செல்லுமாறு எடுங்கள். அடிவானத்தைக் கிரிட்டின் மேல் குறுக்குக் கோட்டில் வையுங்கள்.

கைபேசியைக் கையில் பிடிக்காமல், சுவரின்மேல் அரிசிப் பையிலோ மடித்த துண்டிலோ சாய்த்து நிறுத்துங்கள். அசைவில்லை என்பதை உணர்ந்தவுடன் பல கைபேசிகள் கூடுதல் நொடிகளை எடுத்துக்கொள்ள முன்வரும். நிலா வடிவக் குறியின் அருகில் நொடிகளின் எண் தெரியும். அதைத் தொட்டு, மிகக் கூடிய அளவுக்குப் போகாமல், ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு இறக்குங்கள். எல்லாக் கைபேசிகளிலும் இந்த எண்ணை மாற்ற முடியாது. அங்கே ஒளியளவைக் குறைப்பது ஒன்றே வழி.

வரிசையில் மூன்றாவது அகலின் விளிம்பைத் தொட்டு, முன்பு செய்தவாறு ஒளியைக் கீழே இழுங்கள். முதல் அகலைத் தொட்டால் தொலைவில் உள்ளவை மங்கும். கடைசி அகலைத் தொட்டால் கண்ணுக்கு முதலில் படும் அகல் மங்கிவிடும். ஷட்டர் பொத்தானை அழுத்தும் விரலே கைபேசியை அசைக்கும் என்பதால், மூன்று நொடி டைமரை வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.

படத்தில் வானம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நைட் மோட் அளவுக்கு மீறி ஒளியைக் கூட்டியிருக்கிறது என்று பொருள். அன்றைய இரவு கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அவ்வளவு கருமை படத்திலும் இருக்க வேண்டும். நொடியைக் குறைத்தும் ஒளியைக் கீழே இழுத்தும் மறுபடி எடுங்கள். அதே காட்சியை நைட் மோடை அணைத்தும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்குகள் நெருக்கமாக, நிறைய இருக்கும் இடங்களில் நைட் மோட் இல்லாத படமே சிறப்பாக அமைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன், ஏனெனில் அங்கே காட்சிக்குத் தேவையான ஒளியை விளக்குகளே தந்துவிடுகின்றன.

6. மாவலி சுற்றும்போது

மாவலி சுற்றும் வழக்கம் உள்ள ஊர்களில், தீப்பொறி வட்டத்தை நைட் மோடில் எடுக்க முயன்று ஏமாற்றமடைகிறார்கள். பல படங்களைப் பொருத்தும்போது, அசையும் பொறிகளைப் பிழையென்று கருதி மென்பொருள் நீக்கிவிடக்கூடும் என்பதால் வட்டம் துண்டு துண்டாகத் தெரியும். இதற்குத் தேவை, ஒரே படத்தில் இடைவிடாமல் பதியும் நீண்ட நேரம்.

ஆண்ட்ராய்டு கைபேசியில், அளவுகளை நாமே அமைக்கும் புரோ மோட் இருந்தால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ISO அளவை 100 என்றும், ஷட்டர் நேரத்தை இரண்டு நொடி என்றும் வைத்து, கைபேசியை ஏதேனும் ஒன்றில் சாய்த்து நிறுத்தி எடுங்கள். ஐபோனில் நைட் மோடை அணைத்து, லைவ் போட்டோவை இயக்கி எடுத்து, பின்னர் அந்தப் படத்தைத் திறந்து Long Exposure என்ற விளைவைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு முறையிலும், மாவலி சுற்றத் தொடங்கும் முன்பே அவர் நிற்கும் இடத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும். பொறி பறக்கத் தொடங்கிய பிறகு கைபேசியால் நிலையான ஓர் இடத்தைக் கண்டுகொள்ள முடியாது. பொறிகள் வெகுதூரம் தெறிக்கும் என்பதால் ஐந்து மீட்டராவது விலகி நில்லுங்கள்.

7. அனுப்பும் முன்

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படத்தை அனுப்பினால், அதன் அளவைச் சுருக்கும்போது இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாகத் திரிந்துவிடும்; சுடரைச் சுற்றிய மெல்லிய ஒளி வளையம் வளையமாக உடையும். பகல் படங்களில் இது அவ்வளவாகத் தெரியாது, விளக்குப் படங்களில் உடனே தெரியும். அனுப்பும் திரையில் HD என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதிப்பு குறையும். அச்சிடுவதற்காக யாருக்கேனும் அனுப்புவதாக இருந்தால், படமாக அனுப்பாமல், இணைப்புப் பட்டியலில் உள்ள ஆவணம் என்ற வழியில் அனுப்புங்கள். அப்போது படம் எடுத்த அளவிலேயே போய்ச் சேரும்.